கல்வெட்டுப் படத்திலிருந்து நார்மல் மேப்: ஸ்ட்ரென்த் எவ்வளவு, எங்கே பொய்க்கும்?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலின் கருங்கல் சுவரில் உள்ள கல்வெட்டை பிளெண்டரில் கொண்டுவரப் பார்க்கிறேன். 60 செ.மீ. அகலமுள்ள பகுதியை நேராக நின்று படம் எடுத்து, 2048 பிக்சலுக்குக் குறைத்து, GIMP-இல் நார்மல் மேப் ஆக்கினேன். எழுத்தின் ஆழம் 3 மி.மீ. இருக்கும். ஸ்ட்ரென்த்தைக் குறைத்தால் எழுத்தே தெரியவில்லை. கூட்டினால் கல் முழுக்கப் பரு பருவாக வருகிறது. சில எழுத்துகள் குழியாமல் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. எந்த எண்ணை வைக்க வேண்டும்?

பதில்:

ஸ்ட்ரென்த்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துத் தேட வேண்டியதில்லை, கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். நீங்கள் சொன்ன அளவுகளுக்கு அது ஏறக்குறைய 10. ஆனால் அந்த எண்ணைச் சரியாக வைத்தாலும் உங்கள் படத்திலிருந்து நல்ல நார்மல் மேப் வராது. நீங்கள் கொடுத்தது உயரம் சொல்லும் படமில்லை, கல்லின் நிறம் சொல்லும் படம். முதலில் அந்த 10 எப்படி வந்தது என்று பார்ப்போம், பிறகு படத்துக்கு வருவோம்.

ஹைட் மேப்பில் ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சமும் அந்த இடத்தின் உயரம். கறுப்பு பள்ளம், வெள்ளை மேடு. நார்மல் மேப் செய்யும் ஃபில்டர் ஒரு பிக்சலின் இடது வலது அண்டை பிக்சல்களை ஒப்பிட்டு ஒரு சரிவையும், மேல் கீழ் பிக்சல்களை ஒப்பிட்டு இன்னொரு சரிவையும் எடுக்கிறது. அந்த இரண்டு சரிவிலிருந்து, பரப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்ற திசை கிடைக்கிறது. அதை நிறமாக எழுதிவைத்தால் நார்மல் மேப். சோபெல் மாதிரி ஃபில்டர்கள் இன்னும் சில அண்டை பிக்சல்களைச் சேர்த்துக்கொள்ளும், அடிப்படை இதுதான்:

```
p = s * (h(x+1,y) - h(x-1,y)) / 2
q = s * (h(x,y+1) - h(x,y-1)) / 2
n = (-p, -q, 1) / sqrt(p*p + q*q + 1)
RGB = (n * 0.5 + 0.5) * 255
```

இங்கே h என்பது 0 முதல் 1 வரையிலான உயரம், y மேல்நோக்கி வளர்கிறது. s தான் ஸ்ட்ரென்த். முழுக் கறுப்புக்கும் முழு வெள்ளைக்கும் இடையே உள்ள நிஜ உயரம் எத்தனை பிக்சல் என்பதே அதன் பொருள். 600 மி.மீ. அகலத்தை 2048 பிக்சலில் அடக்கியிருக்கிறீர்கள், ஆக ஒரு பிக்சல் 0.293 மி.மீ. எழுத்தின் 3 மி.மீ. ஆழம் 10.24 பிக்சல். அவ்வளவுதான். அதே சுவரை 1024 பிக்சலுக்குக் குறைத்தால் 5.12, 4096-இல் வைத்துக்கொண்டால் 20.48. யூடியூபில் ஒருவர் வைத்த எண் உங்களுக்கு ஒத்துவராததற்கு இதுவே காரணம். அவருடைய பிக்சல் அளவு வேறு, ஆழம் வேறு.

இதை ஓர் எழுத்தின் கோட்டில் வைத்துப் பார்த்துவிடுவோம். உளி வெட்டிய கோடு V வடிவில், 8 மி.மீ. அகலமும் 3 மி.மீ. ஆழமும் உள்ளது என்று கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து அடிவரை 4 மி.மீ. போவதற்குள் 3 மி.மீ. இறங்குகிறது. சரிவு 0.75, கோணம் கிட்டத்தட்ட 37 டிகிரி. இடப்பக்கச் சரிவு வலது பக்கம் பார்த்து நிற்கும், அதன் திசை (0.6, 0, 0.8). நிறமாக மாற்றினால் R 204, G 128, B 230. எதிர்ச் சரிவில் R மட்டும் 51 ஆகும். உங்கள் நார்மல் மேப்பைத் திறந்து, செங்குத்தாக ஓடும் ஒரு எழுத்துக்கோட்டின் இரு பக்கத்திலும் கலர் பிக்கரை வைத்துப் பாருங்கள். 204-க்கும் 51-க்கும் பக்கத்தில் எண்கள் வந்தால் ஸ்ட்ரென்த் சரி. 150, 105 என்று வந்தால் எழுத்து நிஜத்தைவிட மேலோட்டமாக இருக்கிறது. 250, 5 என்று வந்தால் சரிவு ஏறக்குறைய செங்குத்தாகிவிட்டது.

ஒரு சிக்கல் என்னவென்றால், எல்லா மென்பொருளிலும் ஸ்ட்ரென்த் பெட்டியில் போடும் எண் மேலே சொன்ன s ஆகவே இருக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொன்றும் உள்ளே வேறு வகையில் வகுத்துக்கொள்ளலாம். அதனால் புது மென்பொருளைத் தொடும்போது ஒரு சோதனைப் படம் செய்துகொள்ளுங்கள்: இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் வெள்ளை, நடுவில் 14 பிக்சலில் ஒரே சீராகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏறும் பட்டை. ஃபில்டரைப் போட்டு, அந்தப் பட்டையின் நடுவில் R 52 வரும்வரை ஸ்ட்ரென்த்தை நகர்த்துங்கள். எந்த எண்ணில் 52 வருகிறதோ, அந்த மென்பொருளில் உங்கள் சுவருக்கான எண் அதுவே. GIMP-இல் `Filters > Generic > Normal Map` போனால் `Scale` என்று இருப்பதுதான் இது. இன்னொன்றையும் அப்போதே கவனியுங்கள். பட்டையின் இரு கோடியை விட்டுவிட்டால், நடுவில் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வரவேண்டும். ஒரு முனையில் சரிவு கூடியும் மறுமுனையில் குறைந்தும் வந்தால், மென்பொருள் உங்கள் சாம்பல் நிறத்தை உயரமாக எடுத்துக்கொள்ளாமல் sRGB வெளிச்சமாக வளைத்துப் படிக்கிறது என்று அர்த்தம்.

இனி உங்கள் பருக்களுக்கு வருவோம்.

கருங்கல் என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாகத் தாதுத் துகள்கள் கலந்திருக்கும். ஒரு துகள் ஒன்றிரண்டு மி.மீ. இருக்கலாம், உங்கள் படத்தில் அது நான்கைந்து பிக்சல். கறுப்புத் துகளுக்கும் பக்கத்து வெள்ளைத் துகளுக்கும் 100 நிலை வித்தியாசம் இருந்து, அது 4 பிக்சலுக்குள் மாறுகிறது என்றால், பிக்சலுக்கு 25 நிலை. இதை 255-ஆல் வகுத்து 10.24-ஆல் பெருக்குங்கள்: சரிவு 1.0, அதாவது 45 டிகிரி. உளி வெட்டிய எழுத்து 37 டிகிரி, தொட்டால் தெரியாத தாதுப்புள்ளி 45 டிகிரி! ஃபில்டரைப் பொறுத்தவரை புள்ளி எழுத்தைவிடச் செங்குத்தானது. ஸ்ட்ரென்த் இரண்டையும் ஒரே எண்ணால்தான் பெருக்கும், ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்க அதனால் முடியாது. குறைத்தால் எழுத்து போகிறது, கூட்டினால் பரு வருகிறது என்று நீங்கள் பார்த்தது இதைத்தான். மங்கலாக்கிப் புள்ளியை அழிக்கலாமே என்றால், 2 மி.மீ. துகளைக் கரைக்கும் அளவு மங்கலாக்கும்போது 8 மி.மீ. கோட்டின் விளிம்பும் அடியும் சேர்ந்து கரைந்து, எழுத்து விரலால் அழுத்திய தடம் போல ஆகிவிடும்.

புடைத்து நிற்கும் எழுத்துகளுக்கும் நிறம்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். படிக்க வசதியாக யாரோ அந்த வரிகளில் சுண்ணாம்போ சாக்பீஸோ பூசியிருப்பார்கள். வெள்ளை என்றால் மேடு என்று ஃபில்டர் எடுத்துக்கொள்ளும். ஆனால் சில எழுத்துகள் மட்டும் இல்லாமல் *எல்லா* எழுத்துமே, மேலிருந்து விளக்கு போடும்போது மட்டும் புடைத்தும், பக்கவாட்டு விளக்கில் ஒழுங்காகக் குழிந்தும் தெரிந்தால் காரணம் வேறு: பச்சை சேனல் தலைகீழாக இருக்கிறது. பிளெண்டர், யூனிட்டி, கோடோ மூன்றும் பச்சை மேல்நோக்கிய OpenGL முறையை எதிர்பார்க்கின்றன. அன்ரியல் கீழ்நோக்கிய DirectX முறை. G சேனலை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள். குழிந்த எழுத்தின் கீழ்ச் சரிவு வெளுத்தும் மேல் சரிவு கறுத்தும் இருந்தால் அது OpenGL முறை.

புகைப்படத்தில் நிறம் மட்டும் தொல்லை இல்லை, வெளிச்சமும் கூடத்தான். மேகமூட்டமான நாளில் எடுத்த படத்தில், பள்ளத்துக்கு வானம் குறைவாகத் தெரிவதால் பள்ளம் கறுக்கும். அங்கே "கறுப்பு என்றால் ஆழம்" என்பது ஓரளவு உண்மை. ஒரே நிறமுள்ள சிமெண்ட் பூச்சோ மணற்பரப்போ ஆனால் இந்த வழியில் பரவாயில்லாத நார்மல் மேப் எடுத்துவிடலாம். வெயில் ஒரு பக்கமிருந்து விழும் படத்தில் கதையே மாறிவிடுகிறது. சூரியனைப் பார்த்த சரிவு வெளுக்கிறது, மறுபக்கம் கறுக்கிறது. அந்தப் படத்தின் வெளிச்சம் ஏற்கெனவே சரிவு, உயரமே இல்லை. அதன்மேல் ஃபில்டர் போட்டால் சரிவின் சரிவு கிடைக்கும். ஒரு V பள்ளம் மூன்று கோடுகளாகப் பிரிந்து, இரு விளிம்பிலும் அடியிலும் தனித்தனி வரப்புகள் போலத் தெரியும். எழுத்தின் ஒவ்வொரு கோடும் இரட்டையாகவோ மூன்றாகவோ வந்தால் பக்கவெயில் படத்தைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கண்டுகொள்ளலாம்.

ஆனால் பக்கவெளிச்சம் சரிவைத்தான் காட்டுகிறது என்ற இதே விஷயம் நமக்கு வழியும் காட்டுகிறது. கேமராவை அசைக்காமல், வெளிச்சத்தை மட்டும் நான்கு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி நான்கு படம் எடுத்தால், நிறம் கணக்கிலிருந்து கழிந்துபோகும். ராபர்ட் வுட்ஹாம் 1980-இல் வெளியிட்ட ஃபோட்டோமெட்ரிக் ஸ்டீரியோ முறையின் எளிய வடிவம் இது. கல்வெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அதே V பள்ளத்தின் இடச் சரிவை எடுத்துக்கொள்வோம். விளக்கு கல்லின் பரப்புக்கு 45 டிகிரியில் இருக்கட்டும். வலப்பக்க விளக்கில் அந்தச் சரிவு ஏறக்குறைய நேராக ஒளியை வாங்கி, கல்லின் நிறத்தில் 0.99 பங்கு தெரியும். இடப்பக்க விளக்கில் ஒளி வழுக்கிக்கொண்டு போவதால் 0.141 பங்குதான். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.849 / 1.131, அதாவது 0.75. நமக்கு வேண்டிய சரிவு அப்படியே வந்துவிட்டது. அந்த இடத்தில் வெள்ளைத் துகள் இருந்து ஒளியில் 60 சதவீதத்தைத் திருப்பினாலும், கறுப்புத் துகள் இருந்து 10 சதவீதத்தையே திருப்பினாலும், மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்குவதால் விடை 0.75 தான். தாதுப்புள்ளி மறைந்துவிடுகிறது, சுண்ணாம்பும் மறைந்துவிடுகிறது. ஸ்ட்ரென்த் என்ற கேள்வியே எழாது, ஏனென்றால் கிடைப்பது நேரடியாகச் சரிவு.

```python
import numpy as np
# R, L, U, D: வலம், இடம், மேல், கீழ் விளக்குகளின் சாம்பல் நிறப் படங்கள் (லீனியர், float)
a = (R - L) / (R + L + 1e-6)
b = (U - D) / (U + D + 1e-6)
n = np.dstack([a, b, np.ones_like(a)])
n /= np.linalg.norm(n, axis=2, keepdims=True)
rgb = np.round((n * 0.5 + 0.5) * 255).astype(np.uint8)
```

இது 45 டிகிரிக்கான கணக்கு. விளக்கு வேறு கோணத்தில் இருந்தால், கல்லின் பரப்புக்கு நேர் எதிரே நீளும் கோட்டிலிருந்து விளக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்தக் கோணத்தின் tan மதிப்பால் a, b இரண்டையும் வகுக்க வேண்டும்.

எடுக்கும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கேமரா முக்காலியில், எக்ஸ்போஷரும் ஃபோகஸும் மேனுவலில். RAW-இல் எடுத்து லீனியராக மாற்றுங்கள். JPEG-இன் வெளிச்ச வளைவு மேலே உள்ள வகுத்தலைக் கெடுத்துவிடும். ஃபிளாஷை 60 செ.மீ. பகுதிக்கு இரண்டு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் ஒரு ஓரம் அதிக ஒளி வாங்கி, தட்டையான கல் முழுவதும் வளைந்தது போல நார்மல் மேப் வரும். அப்படி வந்துவிட்டால், a, b இரண்டையும் பெரிய ஆரத்தில் மங்கலாக்கி, அந்த மங்கலை மூலத்திலிருந்து கழித்துவிட்டால் வளைவு போய் எழுத்து நிற்கும். கோயிலின் மற்ற விளக்குகள் இருந்தால் ஃபிளாஷ் இல்லாமல் ஐந்தாவது படம் ஒன்று எடுத்து, நான்கிலிருந்தும் அதைக் கழியுங்கள். கல்லைத் தொட வேண்டியதில்லை, ஆனாலும் கோயில் நிர்வாகத்திடமும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் அவர்களிடமும் முன்அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்வெட்டு தெளிவாகத் தெரியட்டும் என்று எண்ணெய் தடவுவதோ சுரண்டுவதோ கூடவே கூடாது.

மறுபடி போய் எடுக்க வழியில்லை என்றால், இருக்கும் ஒற்றைப் படத்திலிருந்து ஹைட் மேப்பை நீங்களே வரைவதுதான் நல்லது. எழுத்துகளை மட்டும் வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் மாஸ்க் போல வரையுங்கள். அந்தக் கல்வெட்டுக்கு யாராவது மைப்படி எடுத்து வைத்திருந்தால் வேலை பாதியாகக் குறையும். நனைத்த தாளைக் கல்லில் அடித்துப் பதித்து மை ஒற்றும்போது, பள்ளத்தில் மை படாமல் எழுத்து வெள்ளையாக நின்றுவிடுகிறது. கல்லின் நிறம் அதில் வருவதே இல்லை. தாள் உலரும்போது கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்பதால், ஸ்கேனைப் படத்தின்மேல் வைத்து எழுத்துக்கு எழுத்து பொருத்திக்கொள்ளுங்கள். மாஸ்க் கிடைத்ததும், எழுத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு அதையே ஆழமாக்கலாம்:

```python
from scipy.ndimage import distance_transform_edt
h = -0.75 * distance_transform_edt(mask)
```

இங்கே உயரத்தை ஏற்கெனவே பிக்சலில் அளந்துவிட்டதால் ஸ்ட்ரென்த் 1. கோடு அகலமாக இருக்கும் இடத்தில் ஆழமும் கூடும். V வெட்டில் உளியும் பெரும்பாலும் அப்படித்தான் இறங்கியிருக்கும். கல்லின் சொரசொரப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாக, மிகச் சிறிய அளவில் சேருங்கள். படத்தின் புள்ளிகளிலிருந்து எடுக்க வேண்டாம்.

இந்த h-ஐ 8-பிட் PNG-யாகச் சேமித்துவிட்டு மறுபடி திறக்காதீர்கள். 8-பிட்டில் 256 நிலைகளே உண்டு. 3 மி.மீ. ஆழத்தில் ஒரு படி 0.012 மி.மீ., கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் s 10.24 ஆக இருக்கும்போது அந்த ஒரு படி, நடக்கும் இடத்தில் ஒரு டிகிரிக்கு மேல் சரிவைக் காட்டும், மற்ற இடமெல்லாம் முழுத் தட்டை. கல்லின் மெல்லிய ஏற்ற இறக்கம் படிக்கட்டு படிக்கட்டாக, நில வரைபடத்தின் சமஉயரக் கோடுகள் மாதிரி தெரியும். பளபளப்பான மெட்டீரியலில் இது உடனே கண்ணில் படும். ஹைட் மேப் 16-பிட்டிலோ floatலோ இருக்கட்டும். ஏற்கெனவே 8-பிட்டில்தான் இருக்கிறது என்றால், முதலில் 16-பிட்டுக்கு மாற்றி, அதன்பின் லேசாக மங்கலாக்குங்கள். வரிசை மாறினால் பயனில்லை.

பிளெண்டரில் இமேஜ் டெக்ஸ்சரின் `Color Space` கட்டாயம் `Non-Color` ஆக இருக்க வேண்டும். `sRGB` என்று விட்டுவிட்டால் தட்டையைக் குறிக்கும் 128, 0.5 ஆகப் படிக்கப்படாமல் 0.216 ஆகிவிடும். அதைத் திசையாக மாற்றினால் -0.57. சுவர் முழுக்க இடமும் கீழுமாகச் சாய்ந்தது போல ஒளி வாங்கும். `Normal Map` நோடின் `Strength` 1-இல் இருக்கட்டும். அதை 2, 3 என்று தள்ளினால்தான் நன்றாக இருக்கிறது என்றால் பிழை முந்தைய கட்டத்தில் இருக்கிறது. 204, 51 சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் நார்மல் மேப்பால் முடியாதவை உண்டு. நான்கு விளக்கு முறையில் 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக வெட்டிய எழுத்துகள் சொந்த நிழலில் விழுந்துவிடும், அங்கே a, b மதிப்பு 1-க்குப் பக்கத்தில் முட்டி நின்றுவிடும். குறுகிய பள்ளத்துக்குள் ஒரு சரிவின் ஒளி எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்புவதால், அளவு நிஜத்தைவிட ஆழம் குறைவாகக் காட்டும். எண்ணெய் படிந்து மின்னும் கல்லில் மினுக்கமே சரிவு போலப் பதிவாகும். ஹைட் மேப் வழியில் ஒரு பிக்சலுக்கு ஓர் உயரம்தான் என்பதால், 90 டிகிரியில் நிற்கும் சுவரையோ உள்வாங்கிய வெட்டையோ அதில் எழுதவே முடியாது. செங்குத்துச் சுவர் ஒன்றிரண்டு பிக்சல் அகலமுள்ள கோடாகச் சுருங்கி, கேமரா நகரும்போது மினுக்மினுக்கென்று துடிக்கும்.

கடைசியாக, நீங்கள் கேமராவை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நார்மல் மேப் ஒளி படும் விதத்தை மட்டும் மாற்றுகிறது, பரப்பு தட்டையாகவேதான் இருக்கிறது. சுவரை நேராகப் பார்க்கும் ஷாட்டில் 3 மி.மீ. எழுத்துக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் விளக்கைச் சுவரோடு ஒட்டி வைத்து எழுத்தின் நிழல் நீண்டு விழ வேண்டும் என்றாலோ, கேமரா சுவரை உரசிக்கொண்டு போகிறது என்றாலோ, நிழலும் வராது, ஒரு விளிம்பு பின்னாலுள்ள சரிவை மறைக்கவும் செய்யாது. அந்த ஷாட்டுக்கு மட்டும் மேலே செய்த h-ஐயே டிஸ்பிளேஸ்மென்ட்டாகக் கொடுங்கள். எழுத்துக்கோட்டின் குறுக்கே குறைந்தது பத்துப் பன்னிரண்டு முகங்கள் வரும் அளவுக்கு மெஷ்ஷைப் பிரித்தால் V வடிவம் நன்றாக நிற்கும். நான்கு படம் எடுத்த வழியில் போனால் உங்களிடம் சரிவுதான் இருக்கும், உயரம் இருக்காது. சரிவைக் கூட்டிக் கூட்டி உயரமாக்கும்போது சின்னச் சின்னப் பிழைகளும் சேர்ந்து, கல் முழுதும் மெத்தை போல உப்பும். அதனால் டிஸ்பிளேஸ்மென்ட்டுக்கு மாஸ்க்கிலிருந்து வரைந்த h-ஐயும், அதன் மேலுள்ள நுணுக்கத்துக்கு நான்கு படத்தின் நார்மல் மேப்பையும் பயன்படுத்துங்கள். எழுத்தின் சரிவு இரண்டு முறை சேராமல் இருக்க, எழுத்துக்கு வெளியே உள்ள பகுதியில் மட்டும் அந்த நார்மல் மேப்பைக் காட்டுங்கள். அதற்கு வேண்டிய மாஸ்க் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.